இறுதி நேர்காணல் சுற்றுக்குப் பிறகு, மூத்த பதவிக்கு ஆள் தேடித் தரும் சர்ச் நிறுவனத்திடம் பொறுப்பையும் சம்பள அமைப்பையும் கேட்பது: நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

"இறுதிச் சுற்று நன்றாகவே போனது. ஆனால் என் பொறுப்பு எதுவரை என்று தெளிவாகவில்லை, சம்பளம் எப்படிப் பிரிகிறது என்றும் தெரியவில்லை. இப்போதே சர்ச் நிறுவனத்தின் கன்சல்டன்டிடம் கேட்கலாமா, ஆஃபர் வரட்டும் என்று பொறுக்கலாமா?" சேலம் வட்டாரத்துக் குடும்பக் குழுமங்களில் மூத்த பதவிக்குப் பேசிக்கொண்டிருப்பவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான். கேட்டால் பேராசைக்காரர் என்று நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கம் ஒரு பக்கம். கேட்காமல் சேர்ந்தால் ஆறே மாதத்தில் கசந்துவிடுமோ என்ற பயம் இன்னொரு பக்கம்.

பேச வசதியாக ஒரு நிலைமையைக் கற்பனை செய்துகொள்வோம். சேலத்தில் ஒரு நூற்பாலைக் குழுமம். பிரைவேட் லிமிடெட், இரண்டாம் தலைமுறை நடத்துகிறது. நூற்பாலையோடு படுக்கை விரிப்பு ஏற்றுமதியும் உண்டு. முதல்முறையாகக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து ஒரு சி.ஓ.ஓ., அதாவது தலைமைச் செயல்பாட்டு அதிகாரி, தேடுகிறார்கள். தேடித் தருவது பெங்களூரு சர்ச் நிறுவனம். வேட்பாளர் கோவையில் ஒரு மில்லில் மூத்த துணைத் தலைவர். கடைசிச் சந்திப்பு ஏற்காட்டில், குடும்பத்தின் காபி எஸ்டேட் பங்களாவில், மதியச் சாப்பாட்டோடு நடந்தது. சேர்மன் சொன்னது: "எல்லாம் நீங்கதான் பார்த்துக்கணும், நாங்க தலையிட மாட்டோம்." சம்பளம் பற்றி கன்சல்டன்ட் சொன்னது: "ஒன்று இருபது வரும்." அதாவது ஆண்டுக்கு 1 கோடியே 20 லட்சம். இரண்டு பேச்சிலும் மனசு நிறைகிறது. ஆனால் இரண்டையும் வைத்துக்கொண்டு முடிவெடுக்க முடியாது.

## எதை வைத்து எடை போடுவது

நான்கு வழிகளை ஒப்பிடுவதற்கு முன் அளவுகோல்களைச் சொல்லிவிடுவோம்.

முதலாவது, கேள்வி யார் வாய்வழியாகப் போகிறது என்பது. சர்ச் நிறுவனத்துக்குப் பணம் கொடுப்பது கம்பெனி, நீங்கள் அல்ல. முன்பணம் வாங்கி வேலை செய்யும் சர்ச் நிறுவனங்களின் கட்டணம் வழக்கமாக முதல் ஆண்டு சம்பளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதைத் தவணைகளாக வாங்குவார்கள். உங்கள் சம்பளம் ஐந்து லட்சம் கூடினால் அவர்கள் கட்டணமும் கொஞ்சம் கூடும்தான். ஆனால் அதைவிட இந்தத் தேடல் முடிவதுதான் அவர்களுக்கு முக்கியம். இதில் உங்களுக்குச் சாதகமான ஒரு விஷயமும் இருக்கிறது. சேர்ந்தவர் ஆறு மாதத்திலோ ஓராண்டுக்குள்ளோ விலகினால் வேறு ஆளைக் கட்டணமில்லாமல் தேடித் தருவதாக அவர்கள் ஒப்பந்தத்தில் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். எனவே பொறுப்பைத் தெளிவுபடுத்தும் கேள்வி அவர்களுக்கும் வேண்டிய கேள்வி. சம்பளத் தொகையைக் கூட்டும் கேள்வி அவர்களுக்கு ஒரு தலைவலி. ஒரே ஆள் இந்த இரண்டையும் ஒரே அக்கறையோடு முதலாளியிடம் எடுத்துச் சொல்வார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இரண்டாவது, நேரம். இறுதிச் சுற்று முடிந்து இரண்டு மூன்று நாளில் கன்சல்டன்ட் கம்பெனியிடம் கருத்துக் கேட்பார். பிறகு பழைய மேலதிகாரிகளிடம் விசாரிப்பார்கள், உங்கள் சம்பளச் சீட்டும் ஃபார்ம் 16-ம் கேட்பார்கள். அதன்பின் குடும்பம் உட்கார்ந்து ஒரு தொகையை முடிவு செய்யும். அந்தத் தொகை பெரியவர் வாயிலிருந்து வந்துவிட்டால் அமைப்பை மாற்றச் சொல்வதும் அவருடைய வார்த்தையை மாற்றச் சொல்வதாகிவிடும். இறுதிச் சுற்றுக்கும் அந்தப் பேச்சுக்கும் இடைப்பட்ட சில நாட்கள்தான் கேள்வி கேட்கச் செலவு குறைந்த நேரம்.

மூன்றாவது, பதில் எழுத்தில் இருக்கிறதா என்பது. நான்காவதுதான் பலர் கவனிக்காமல் விடுவது: பொறுப்பையும் சம்பளத்தையும் ஒன்றோடொன்று கட்ட அந்த வழி இடம் தருகிறதா? இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நான்கு வழிகளில் எது நல்லது என்பது பெரும்பாலும் இதை வைத்துத்தான் முடிவாகிறது.

## பொறுப்பும் சம்பளமும் ஏன் ஒரே கேள்வி

நூற்பாலையில் மிகப் பெரிய செலவு பஞ்சு. மற்ற எல்லாச் செலவையும் கூட்டினாலும் அதற்குக் கீழேதான் நிற்கும். 356 கிலோ கொண்ட ஒரு கேண்டி பஞ்சின் விலை 2022 மே மாதத்தில் ஒரு லட்ச ரூபாயைத் தாண்டியது. அந்த ஆண்டு முடிவதற்குள் வெகுவாக இறங்கியது. உச்சத்தில் வாங்கி இருப்பு வைத்த மில்களுக்கு அந்த ஆண்டு லாபம், ஷெட்டுக்குள் மெஷின் எப்படி ஓடியது என்பதால் முடிவாகவில்லை. பஞ்சை எப்போது, எவ்வளவு வாங்கினார்கள் என்பதால்தான் முடிவானது.

இப்போது நம் சி.ஓ.ஓ.வுக்கு வருவோம். 1 கோடியே 20 லட்சத்தில் 30 லட்சம் வேரியபிள், அதாவது இலக்கை எட்டினால் மட்டும் கிடைக்கும் பகுதி. அது எபிட்டாவோடு கட்டப்பட்டிருக்கிறது, அதாவது வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபத்தோடு. இலக்கு 24 கோடி. இலக்கில் 90 சதவீதத்தைத் தொடாவிட்டால் ஒரு ரூபாயும் கிடையாது. 90 சதவீதம் என்றால் 21 கோடியே 60 லட்சம். பஞ்சு வாங்குவது மட்டும் வழக்கப்படி சேர்மனின் தம்பி கையில். அவர் 5,000 கேண்டி இருப்பு வைத்திருக்கும்போது விலை கேண்டிக்கு 5,000 ரூபாய் இறங்குகிறது. நூல் விலையும் கூடவே இறங்கிவிடுகிறது. நஷ்டம் இரண்டரைக் கோடி. சி.ஓ.ஓ. தன் வேலையை இம்மி பிசகாமல் செய்து 24 கோடிக்கு வழி செய்திருந்தாலும் கணக்கு 21 கோடியே 50 லட்சத்தில் நிற்கும். பத்து லட்ச ரூபாய் குறைந்ததால் 30 லட்சமும் போயிற்று. அவர் ஒரு மூட்டை பஞ்சுக்கும் கையெழுத்துப் போடவில்லை.

இதே ஓட்டை வேறு வடிவங்களிலும் வரும். காற்றாலை குடும்பத்தின் வேறு கம்பெனி பெயரில் இருந்து, மில்லுக்கு அது தரும் மின்சாரத்தின் விலையைக் குடும்பமே வைக்கலாம். நூல் விற்பனை சகோதர நிறுவனம் வழியாக, அதற்கு ஒரு கமிஷனோடு போகலாம். கட்டடத்துக்கு வாடகை போகலாம். இதில் எதுவும் தவறு இல்லை. ஆனால் அந்த விலையைக் கூட்டிக் குறைப்பவர் ஒருவர், அதனால் சம்பளம் கூடிக் குறைபவர் இன்னொருவர் என்றால் கேட்டே ஆக வேண்டும்.

எனவே சம்பளக் கேள்விகளை இரண்டாகப் பிரியுங்கள். சம்பளம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது ஒன்று. எவ்வளவு என்பது இன்னொன்று. முதலாவது பொறுப்போடு சேர்ந்த கேள்வி, அதை எழுத்தில் கேட்கலாம். இரண்டாவது பேரம். அது போனில் நடக்க வேண்டியது, அதுவும் பிறகு. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பவர்தான் "பணத்தைப் பற்றியே பேசுகிறார்" என்ற பெயரை வாங்குகிறார்.

## முதல் வழி: ஒரே மெயிலில் பொறுப்பும் சம்பள அமைப்பும்

இறுதிச் சுற்று முடிந்து 24 மணியிலிருந்து 48 மணி நேரத்துக்குள் கன்சல்டன்டுக்கு ஒரு போன், அதே நாளில் ஒரு மெயில். போன் பத்து நிமிடம் போதும்: "சார், நேத்து பேச்சு நல்லா போச்சு, எனக்கு விருப்பம் இருக்கு. ஒரு அஞ்சு விஷயம் தெளிவாகணும், எழுதி அனுப்பறேன். சேர்மனுக்கு அப்படியே அனுப்பற மாதிரி எழுதறேன்." கடைசி வாக்கியம் முக்கியம். கன்சல்டன்ட் தன் சொந்த வார்த்தைகளில் சுருக்கிச் சொன்னால் "வேட்பாளருக்கு அதிகாரம் பற்றியும் வேரியபிள் பற்றியும் கொஞ்சம் கவலை" என்று போய்ச் சேரும். நீங்கள் எழுதியது அப்படியே போனால் கேள்வி கேள்வியாகவே போகும்.

மெயில் நடைமுறையில் ஆங்கிலத்தில்தான் போகும். உள்ளடக்கம் இந்த அளவில் இருந்தால் போதும்:

> வணக்கம். நேற்று ஏற்காட்டில் சேர்மனையும் குடும்பத்தாரையும் சந்திக்க ஏற்பாடு செய்ததற்கு நன்றி. இந்தப் பொறுப்பில் எனக்கு உறுதியான விருப்பம் இருக்கிறது. சரியான எதிர்பார்ப்போடு சேர வேண்டும் என்பதற்காக ஐந்து விஷயங்களைத் தெளிவுபடுத்தக் கேட்கிறேன்.
>
> 1. பஞ்சு எவ்வளவு, எப்போது, என்ன விலைக்கு வாங்குவது என்பதை முடிவு செய்வது யார்? அதில் சி.ஓ.ஓ.வின் பங்கு என்ன?
>
> 2. நிதித் தலைவரும் கொள்முதல் தலைவரும் யாரிடம் ரிப்போர்ட் செய்வார்கள்?
>
> 3. ஒப்புதலான ஆண்டு பட்ஜெட்டுக்குள், ஒரு செலவுக்கு எவ்வளவு தொகை வரை சி.ஓ.ஓ. தனியாக அனுமதி தரலாம்?
>
> 4. வேரியபிள் எந்தக் கம்பெனியின் கணக்கை வைத்து, எந்த அளவீட்டில், எந்தக் குறைந்தபட்ச எல்லையோடு, எந்த மாதத்தில் தரப்படும்?
>
> 5. இயக்குநர் குழுவில் இடம் உண்டா? உண்டென்றால் தொழிற்சாலையின் ஆக்குபையர் பொறுப்பும் வங்கிக் கடனுக்கான தனிப்பட்ட உத்தரவாதமும் அதில் சேருமா?
>
> தொகை பற்றி இப்போது எதுவும் கேட்கவில்லை. இவை தெளிவானதும் போனில் பேசிக்கொள்ளலாம். உங்களுக்குச் சரியென்று பட்டால் இதைச் சேர்மனுக்கு அப்படியே அனுப்பலாம்.

ஐந்தாவது கேள்வி பலருக்குப் புதிதாக இருக்கும். ஆக்குபையர் என்பவர் ஆலைக்குச் சட்டப்படி இறுதிப் பொறுப்பு ஏற்பவர். கம்பெனி நடத்தும் ஆலைக்கு ஆக்குபையராகச் சட்டம் ஏற்பது அதன் இயக்குநர்களில் ஒருவரைத்தான். 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. ஆலையில் விபத்து நடந்தால் வழக்கு முதலில் தேடி வரும் பெயர்களில் அது ஒன்று. குடும்பத்தார் அந்த இடத்தில் வெளியாளை உட்காரவைக்க விரும்புவது இயல்பு. பஞ்சு இருப்புக்கு வாங்கும் கடனுக்கு வங்கி இயக்குநர்களிடம் தனிப்பட்ட உத்தரவாதம் கேட்பதும் உண்டு. இயக்குநர் பதவி தருகிறோம் என்ற மரியாதைக்குள் கோவையில் இருக்கும் உங்கள் வீடும் ஆபத்துக்கு உட்படலாம். சேர்ந்த பிறகு, கையெழுத்துக்குக் காகிதம் வந்து நிற்கும்போது இதை மறுப்பது மிகவும் சங்கடம்.

இந்த வழியின் மறைமுகச் செலவு ஒன்று உண்டு. ஐந்து கேள்வியும் எழுத்தில் போனால், இதுவரை யோசிக்காத குடும்பம் சட்டென்று இறுகலாம். அண்ணன் தம்பிக்குள் பஞ்சு விஷயம் பேசித் தீராமல் இருந்தால் உங்கள் மெயில்தான் அதைக் கிளறிவிடும். பதில் ஒரு வாரத்துக்கு வராது. அந்த வாரத்தில் இரண்டாம் இடத்தில் இருக்கும் வேட்பாளரைக் கன்சல்டன்ட் சூடாகவே வைத்திருப்பார், அது அவர் வேலை. கேள்விகள் ஐந்தைத் தாண்டினால் இந்த ஆபத்து இன்னும் கூடும். வீடு, கார், மருத்துவக் காப்பீடு எல்லாம் இந்த மெயிலில் வேண்டாம்.

பதவி ஏற்கெனவே இருந்து, முன்பு ஒருவர் அதில் உட்கார்ந்துவிட்டுப் போயிருந்தால் இந்த வழிதான் சிறந்தது. பதில்கள் கம்பெனியில் தயாராக இருக்கும், யாரும் புதிதாக யோசிக்க வேண்டியதில்லை.

## இரண்டாம் வழி: பொறுப்பு முதலில், சம்பளம் பிறகு

முதல் மெயிலில் மேலே சொன்ன 1, 2, 3, 5 மட்டும் போகும். பதில் வந்தபின் அதையே அடிப்படையாக்கி வேரியபிள் கேள்வி போகும்: "பஞ்சு கொள்முதல் தம்பியிடம் இருக்கும் என்று தெளிவுபடுத்தியதற்கு நன்றி. அப்படியானால் வேரியபிளை எதை வைத்து அளப்பது என்று பேசலாமா?"

நம் உதாரணத்துக்கு நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். குடும்பத்துக்கு இது முதல் வெளியாள். சி.ஓ.ஓ. என்ற நாற்காலியின் நான்கு கால்களும் எங்கே நிற்கும் என்று அவர்களே இன்னும் முடிவு செய்யவில்லை. அந்த நிலையில் பொறுப்புக் கேள்வி அவர்களை யோசிக்க வைக்கும், கோபப்படுத்தாது. பதில் எந்தப் பக்கம் வந்தாலும் உங்களுக்கு நல்லதுதான். "பஞ்சும் உங்களிடம்தான்" என்றால் எபிட்டாவோடு கட்டிய வேரியபிளை மனமார ஏற்கலாம். "இல்லை, அது தம்பியிடம்" என்றால் அளவீட்டை மாற்றச் சொல்ல நியாயமான காரணம் எழுத்தில் கையில் இருக்கும்.

மாற்றுவது எப்படி? எளிய வழி, எபிட்டாவையே வைத்துக்கொண்டு பஞ்சு விலையை மட்டும் பட்ஜெட்டில் போட்ட விலையில் நிலையாக நிறுத்திக் கணக்கிடுவது. விலை ஏறினாலும் இறங்கினாலும் அந்த லாப நஷ்டம் வேரியபிள் கணக்குக்குள் வராது. நம் உதாரணத்தில் இப்படிச் செய்தால் அந்த இரண்டரைக் கோடி வெளியே போய்விடும், இலக்கு தொட்டதாகவே கணக்காகும். இன்னொரு வழி, ஷெட்டுக்குள் சி.ஓ.ஓ. கையில் இருப்பதை மட்டும் அளப்பது: ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் ஆகிறது, போட்ட பஞ்சில் எத்தனை சதவீதம் நூலாகிறது, ஸ்பிண்டில் எத்தனை சதவீத நேரம் ஓடுகிறது, ஏற்றுமதி ஆர்டர் சொன்ன தேதியில் போகிறதா. மில் முதலாளிக்கு இந்த எண்கள் தினமும் பார்த்துப் பழகியவை என்பதால் சீக்கிரம் ஒப்புக்கொள்வார். 90 சதவீதத்துக்குக் கீழே பூஜ்யம் என்ற வெட்டையும் மாற்றி, 80 சதவீதத்திலிருந்து படிப்படியாக ஏறும்படி கேட்கலாம்.

இந்த வழியின் மறைமுகச் செலவு நேரம்தான். இரண்டு சுற்றுக் கடிதம் என்றால் பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் ஆகும். இடையில் குடும்பம் தொகையை முடிவு செய்துவிட்டால் உங்கள் இரண்டாம் மெயில் பின்தங்கிவிடும். அதைத் தடுக்க முதல் போனிலேயே ஒரு வரி சொல்லி வையுங்கள்: "பொறுப்பு தெளிவானதும் வேரியபிள் அமைப்பு பற்றி ஒரு கேள்வி இருக்கு, அதுக்கப்புறம் ஆஃபர் போடச் சொல்லுங்க." கன்சல்டன்ட் இதைச் சொல்லிவிடுவார். ஆஃபரை இரண்டு முறை போடவைப்பது அவருக்கும் தொல்லை.

## மூன்றாம் வழி: முதலாளியிடமே நேராகக் கேட்பது

சேர்மன் தன் நம்பரைக் கொடுத்து "எதுவானாலும் கூப்பிடுங்க" என்று சொல்லியிருப்பார். அதை நம்பி நேராகப் பேசுவது சேலம் பக்கம் இயல்பாகத்தான் தோன்றும். ஆனால் சம்பள அமைப்பை இந்த வழியில் கேட்கவே வேண்டாம். கன்சல்டன்டைத் தாண்டிப் போனீர்கள் என்று தெரிந்த அடுத்த நிமிடம், உங்கள் பக்கத்தை எடுத்துச் சொல்ல அவருக்குக் காரணம் இல்லாமல் போய்விடும். அதைவிடப் பெரிய சிக்கல், சேர்மன் போனில் "அதெல்லாம் பார்த்துக்கலாம், கவலைப்படாதீங்க" என்பார். அதற்குப் பிறகு அதையே எழுத்தில் கேட்டால் அவர் வார்த்தையை நம்பவில்லை என்றாகும். கதவு திறந்ததுபோல் தெரியும், ஆனால் மூடியிருக்கும்.

இந்த வழிக்குத் தகுந்த கேள்வி ஒன்றே ஒன்று: வேறு யாராலும் பதில் சொல்ல முடியாத குடும்ப விஷயம். சேர்மனின் மகன் வெளிநாட்டில் படித்து முடித்து அடுத்த ஆண்டு வருகிறார் என்றால் அவர் எந்த இடத்தில் உட்காருவார்? சி.ஓ.ஓ.வுக்குக் கீழா, பக்கத்திலா, மேலா? இதைக் கன்சல்டன்ட் வழியாக மெயிலில் கேட்பது அநாகரிகம். "சேர்மனிடம் நேரில் அரை மணி நேரம் பேச வேண்டும், சம்பளம் பற்றி இல்லை" என்று கன்சல்டன்டிடம் சொல்லிவிட்டே நேரம் கேளுங்கள். பேசி முடித்ததும் புரிந்துகொண்டதை இரண்டு வரியில் கன்சல்டன்டுக்கு எழுதிவிடுங்கள். அப்போதுதான் அந்தப் பதில் எங்காவது பதிவாகும்.

## நான்காம் வழி: ஆஃபர் வரும்வரை காத்திருப்பது

"இன்னும் ஆளையே முடிவு செய்யலையே, இப்பவே என்ன கேள்வி?" என்ற நினைப்பில் பலர் எடுக்கும் வழி இது. ஆஃபர் வந்தபின் பேரம் பேசும் பலம் கூடும் என்பதும் உண்மைதான், அவர்கள் உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். தொகையைப் பொறுத்தவரை இந்த வாதம் சரி. பொறுப்பைப் பொறுத்தவரை சரியில்லை. ஆஃபர் கடிதத்தில் பதவிப் பெயர் இருக்கும், ஊர் இருக்கும், சம்பளம் இருக்கும். பொறுப்பின் எல்லை பெரும்பாலும் இருக்காது. அதைச் சேர்க்கச் சொன்னால், முடிந்த விஷயத்தைத் திரும்பத் திறக்கிறார் என்று எடுத்துக்கொள்வார்கள்.

காத்திருப்பதன் உண்மையான செலவு கணக்குப் போட்டால்தான் தெரியும். வேட்பாளர் இப்போது வாங்குவது பி.எஃப். சேர்த்து ஆண்டுக்கு 96 லட்சம். 1 கோடியே 20 லட்சம் என்றால் 25 சதவீத உயர்வு. அந்தப் புதிய தொகையைப் பிரித்துப் பார்ப்போம். பேசிக் 48 லட்சம். கம்பெனி போடும் பி.எஃப். அதில் 12 சதவீதம், 5 லட்சத்து 76 ஆயிரம். கிராஜுவிட்டிக்கு 4.81 சதவீதம், சுமார் 2 லட்சத்து 31 ஆயிரம். வேரியபிள் 30 லட்சம். மிச்சம் படிகள். ஆக, வரிக்கு முன் மாதாமாதம் வருவது சுமார் 6 லட்சத்து 83 ஆயிரம், ஆண்டுக்கு ஏறக்குறைய 82 லட்சம்.

பழைய வேலையில் மாதம் 6 லட்சத்து 40 ஆயிரம், ஜூன் மாதம் போனஸ் 16 லட்சம். பன்னிரண்டு மாதத்தில் 92 லட்சத்து 80 ஆயிரம். புதிய வேலையில் வேரியபிள் வருவது கணக்குத் தணிக்கை முடிந்த பிறகு. கம்பெனிகள் மார்ச் கணக்கை வைத்து ஆண்டுப் பொதுக்குழுவை நடத்தச் செப்டம்பர் 30 வரை நேரம் உண்டு. எனவே முதல் பன்னிரண்டு மாதத்தில் வேரியபிளை நம்ப முடியாது. 25 சதவீத உயர்வு என்று பேசிய மாற்றத்தில், முதல் ஆண்டில் கைக்கு வருவது பழையதைவிட 10 லட்சத்து 87 ஆயிரம் குறைவு. போனஸ் வரும் மாதத்துக்கு முன் ராஜினாமா செய்தால் பழைய 16 லட்சமும் போகும்.

இதை ஈடுகட்ட 12 லட்சம் ஜாயினிங் போனஸ் கேட்கலாம். பெரும்பாலும் தருவார்கள். ஆனால் ஆண்டு வருமானம் 50 லட்சத்துக்கு மேல் ஒரு கோடிக்குள் இருந்தால், 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில் 30 சதவீத வரியோடு 10 சதவீத சர்சார்ஜும் 4 சதவீத செஸ்ஸும் சேர்ந்து மேல்மட்ட வரி 34.32 சதவீதம். 12 லட்சத்தில் கைக்கு வருவது சுமார் 7 லட்சத்து 88 ஆயிரம். ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையில் மட்டும் முழு 12 லட்சத்தையும் எழுதியிருப்பார்கள். "வரி போக வாங்கிய தொகையை மட்டும், வேலை செய்த மாதங்களைக் கழித்து" என்று மாற்றச் சொல்லுங்கள். கம்பெனி தானே விலக்கினால் திருப்பித் தர வேண்டியதில்லை என்ற வரியும் வேண்டும்.

காத்திருப்பது சரியாகப் பொருந்தும் இடமும் உண்டு. பெரிய பட்டியலிடப்பட்ட கம்பெனியோ பன்னாட்டு நிறுவனமோ என்றால் பொறுப்பு விவரமும் வேரியபிள் திட்டமும் ஏற்கெனவே அச்சிட்டுத் தயாராக இருக்கும். அங்கே கேள்விப் பட்டியல் அனுப்புவதைவிட "அந்த ஆவணங்களை ஆஃபரோடு அனுப்பச் சொல்லுங்கள்" என்ற ஒரு வரி போதும்.

## ஒரே பார்வையில்

| | ஒரே மெயில் | பொறுப்பு முதலில் | முதலாளியிடம் நேராக | ஆஃபர் வரை காத்திருப்பு |
|---|---|---|---|---|
| கன்சல்டன்டின் ஆதரவு | நல்லது | மிக நல்லது | கெடலாம் | சாதாரணம் |
| ஆகும் நாட்கள் | சுமார் ஒரு வாரம் | இரண்டு வாரம் வரை | ஓரிரு நாள் | கம்பெனியின் விருப்பம் |
| எழுத்தில் பதில் | உண்டு | உண்டு, இரண்டு படியாக | நீங்களே எழுதினால்தான் | சம்பளத்துக்கு மட்டும் |
| மறைமுகச் செலவு | குடும்பம் இறுகலாம் | தொகை முந்திவிடலாம் | பேசியதையே எழுதிக் கேட்பது சங்கடம் | பொறுப்பைத் திறக்க முடியாது |
| பொருந்தும் இடம் | முன்பே இருந்த பதவி | புதிதாக உண்டாக்கிய பதவி | குடும்ப வாரிசு பற்றிய கேள்வி | ஆவணங்கள் தயாராக உள்ள பெரிய கம்பெனி |

## பதிலை எப்படிப் படிப்பது

"சேர்மன் நல்ல மனுஷர், இதெல்லாம் பிரச்சினையே வராது" என்று கன்சல்டன்ட் சொன்னால் அவர் கேள்வியை முதலாளியிடம் கொண்டுபோகவில்லை என்று பொருள். கோபம் வேண்டாம். "அவரைப் பற்றிச் சந்தேகமே இல்லை, நிதித் தலைவர் யாரிடம் ரிப்போர்ட் செய்வார் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்" என்று ஒரே கேள்வியாகச் சுருக்கித் திரும்ப அனுப்புங்கள். எல்லாவற்றையும் கேட்டு ஒன்றுக்கும் பதில் வராமல் இருப்பதைவிட இது நல்லது. அந்த ஒரு பதிலிலிருந்தே நிறையப் புரியும். நிதித் தலைவர் குடும்பத்திடம் மட்டுமே ரிப்போர்ட் செய்வார் என்றால், மாதக் கணக்கு உங்களுக்கு வருவதற்கு முன் அவர்களிடம் போய்விடும். அப்படிப்பட்ட இடத்தில் எபிட்டா வேரியபிளை ஏற்பது கண்ணைக் கட்டிக்கொண்டு பந்தயம் கட்டுவது.

"வந்த பிறகு பேசிக்கலாம்" என்பது மறுப்பு அல்ல. அவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது. அப்போது ஒரு காலக்கெடு கேளுங்கள்: சேர்ந்த 90 நாளுக்குள் பொறுப்பு எல்லை எழுத்தில் முடிவாக வேண்டும், அதுவரை வேரியபிள் முழுவதும் உறுதியாகத் தரப்பட வேண்டும். முதல் ஆண்டு வேரியபிளில் பாதியையாவது உறுதியாக்குவது பல குழுமங்கள் ஒப்புக்கொள்ளும் நடுவழி.

பங்கு தருகிறோம் என்று பதில் வந்தால், குழுமத்தின் எந்தக் கம்பெனியில் என்று கேளுங்கள். மில் ஒரு கம்பெனி, ஏற்றுமதி இன்னொன்று, காற்றாலை வேறொன்று என்று இருக்கும். லாபம் ஒரு கம்பெனியில் சேரும், பங்கு வேறொரு கம்பெனியில் வரும். பட்டியலிடாத கம்பெனிப் பங்கை விலகும்போது யார், எந்த விலைக்குத் திரும்ப வாங்குவார்கள் என்பதும் எழுத்தில் இல்லாவிட்டால் அதைச் சம்பளக் கணக்கில் பூஜ்யமாகவே வையுங்கள்.

எல்லாப் பதிலும் வந்தபின் அவற்றை ஒரு பக்க இணைப்பாக நியமனக் கடிதத்தோடு சேர்க்கச் சொல்லுங்கள்: யார் யார் உங்களிடம் ரிப்போர்ட் செய்வார்கள், தனியாக அனுமதிக்கும் தொகை எவ்வளவு, பஞ்சு யாரிடம், வேரியபிள் சூத்திரம் என்ன, எந்த மாதம் பணம், உத்தரவாதக் கையெழுத்து கிடையாது என்ற வரி. செலவு அனுமதித் தொகைக்கு மட்டும் இயக்குநர் குழுத் தீர்மானத்தின் நகலும் வேண்டும், வங்கி அதைத்தான் கேட்கும். கோவை மில்லில் உங்கள் நோட்டீஸ் காலம் மூன்று மாதம் என்றால், இந்த இணைப்பில் இரு தரப்புக் கையெழுத்தும் விழுந்த பிறகே ராஜினாமாக் கடிதத்தைக் கொடுங்கள்.